நாலு நிமிடத்தில் நின்றுபோகும் படம்

நூற்றிருபது அறைகள் உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனாக்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறையில் ஹெட்எண்ட் எனப்படும் கருவி. செயற்கைக்கோளிலிருந்து வரும் 40 சேனல்களை அது ஐபி வீடியோவாக மாற்றி, விடுதியின் நெட்வொர்க்கில் அனுப்புகிறது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு சுவிட்ச். அந்த சுவிட்சிலிருந்து ஒவ்வோர் அறை டிவிக்கும் ஒரு கேபிள். வேலை முடிந்து ஹெட்எண்டை இயக்கியதும் எல்லா அறைகளிலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி விட்டு விட்டு வருகிறது. அதே நெட்வொர்க்கில் இணைந்திருக்கும் வைஃபையும் நின்றுபோகிறது. கேபிளில் குறையில்லை, டிவியிலும் குறையில்லை. இந்தப் பிரச்சினையின் வேர் சுவிட்ச் வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். துல்லியமான எச்டி சேனல் ஒன்றுக்கு நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக வீடியோ அனுப்ப 960 மெகாபிட் வேண்டும். ஒரு கிகாபிட் இணைப்பு ஏறக்குறைய முழுவதுமே அதற்குப் போய்விடும். அறைகள் கூடக் கூட இந்த எண்ணும் கூடிக்கொண்டே போகும். மல்டிகாஸ்டில் அந்தத் தொல்லை இல்லை. ஹெட்எண்ட் ஒவ்வொரு சேனலையும் ஒரே ஒரு முறைதான் அனுப்புகிறது. 40 சேனலுக்கு 320 மெகாபிட். பார்ப்பவர்கள் பத்துப் பேரோ ஆயிரம் பேரோ, அனுப்பும் அளவு மாறாது. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு குழு முகவரி உண்டு. 239.1.1.1 என்பது செய்திச் சேனல், 239.1.1.2 என்பது விளையாட்டுச் சேனல் என்பது போல. வேண்டிய டிவி அந்தக் குழுவில் சேர்ந்துகொள்ளும். நகலெடுக்கும் வேலையை வழியிலுள்ள சுவிட்சுகள் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் குழு முறையை 1980களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வடிவமைத்தவர் ஸ்டீவ் டீரிங். 1989இல் வெளியான ஆர்எஃப்சி 1112 என்ற ஆவணம் அதன் அடிப்படை. குழுவில் சேருவதைக் கருவிகள் தெரிவிப்பதற்கான ஐஜிஎம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பும் அதில்தான் இருக்கிறது. அது ரவுட்டருக்கும் கருவிகளுக்கும் இடையிலான பேச்சு. நடுவில் இருக்கும் சுவிட்சுக்கு அதில் எந்தப் பங்கும் தரப்படவில்லை.

அதனால்தான் சிக்கல் வருகிறது. சாதாரண சுவிட்ச் தன்னிடம் வரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்பியவரின் முகவரியைப் பார்த்து, 'இந்த முகவரி இந்தப் போர்ட்டில் இருக்கிறது' என்று குறித்துக்கொள்ளும். பிறகு அந்த முகவரிக்கு எது வந்தாலும் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் கொடுக்கும். குழு முகவரியோ ஒருபோதும் அனுப்புநர் முகவரியாக வருவதில்லை. அது எப்போதும் பெறுநர் பக்கம்தான் இருக்கும். ஆகவே அந்தக் குழு எங்கே இருக்கிறது என்று சுவிட்சால் ஒருநாளும் கற்றுக்கொள்ள முடியாது. எங்கே இருக்கிறதென்று தெரியாத முகவரிக்கு வந்ததை எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்புவதுதான் சுவிட்சின் இயல்பு. விளைவு, 40 சேனல்களும் ஒவ்வோர் அறைக்கும் போகின்றன.

பெரும்பாலான டிவிகளின் நெட்வொர்க் போர்ட் இன்றைக்கும் 100 மெகாபிட் வேகம் கொண்டதுதான். அந்தக் குழாயில் 320 மெகாபிட்டைத் தள்ளினால் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வழியிலேயே விழுந்துவிடும். எந்தப் பாக்கெட் விழ வேண்டும் என்று சுவிட்ச் தேர்ந்தெடுப்பதில்லை. பார்வையாளர் பார்த்துக்கொண்டிருக்கும் சேனலும் மற்றவற்றோடு சேர்ந்து சிதைகிறது. இந்த வீடியோ யுடிபியில் வருவதால் விழுந்த பாக்கெட்டைத் திரும்பக் கேட்கும் வழியும் இல்லை. திரையில் தெரியும் பச்சை, சாம்பல் கட்டங்கள் எல்லாம் அப்படி விழுந்த பாக்கெட்டுகளின் தடங்கள்.

வைஃபையின் நிலைமை இன்னும் மோசம். வைஃபை கருவி குழு முகவரிக்கு வந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில் ஒலிபரப்புவதுதான் வழக்கம். பெரும்பாலும் அது 6 மெகாபிட் அல்லது அதற்கும் கீழே இருக்கும். அங்கே ஒரே ஒரு 8 மெகாபிட் சேனல் வந்தாலே காற்றலை முழுவதும் அடைபட்டுவிடும்.

இதற்கான தீர்வுதான் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். தனக்கு எழுதப்படாத கடிதத்தைச் சுவிட்ச் படித்துப் பார்க்கத் தொடங்குகிறது. அறை 305இல் இருக்கும் டிவி 239.1.1.2இல் சேர விரும்பி ஒரு ஐஜிஎம்பி அறிக்கை அனுப்பும்போது, சுவிட்ச் அதைக் கவனித்து '239.1.1.2 வேண்டும் என்றவர் 5ஆம் போர்ட்டில்' என்று ஒரு பட்டியலில் எழுதிக்கொள்கிறது. அதன்பின் விளையாட்டுச் சேனல் 5ஆம் போர்ட்டுக்கும், அதையே கேட்ட மற்றப் போர்ட்டுகளுக்கும் மட்டும் போகும். மற்ற அறைகளின் கேபிளில் அது எட்டிக்கூடப் பார்க்காது. ஓர் அறைக்கு ஒரு நேரத்தில் 8 மெகாபிட் போதும். 100 மெகாபிட் போர்ட்டுக்கு அது ஒன்றுமே இல்லை.

விடுதியில் இணைப்பு வேலை செய்தவர் எல்லா சுவிட்சுகளிலும் ஸ்னூப்பிங்கை இயக்குகிறார். படம் தெளிவாகிவிடுகிறது. வைஃபை மீண்டும் வேலை செய்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணி அவர் கிளம்பிப் போகிறார். நாலு நிமிடம் கழிந்ததும் முதல் அறையில் படம் உறைகிறது. விருந்தினர் ரிசப்ஷனுக்குத் தொலைபேசியில் சொல்கிறார். ஊழியர் வந்து சேனலை மாற்றி, பழைய சேனலுக்கே திரும்புகிறார். படம் வந்துவிடுகிறது. ஊழியர் போன பிறகு, மறுபடி நாலு நிமிடத்தில் படம் நின்றுபோகிறது.

இந்த நாலு நிமிடம் தற்செயலானது அல்ல. காரணம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

ஸ்னூப்பிங் செய்யும் சுவிட்ச் காது கொடுத்துக் கேட்கிறது. அது தானாக எதையும் கேட்டு விசாரிப்பதில்லை. டிவி ஒரு குழுவில் சேரும்போது ஓரிரு முறை தானாக அறிக்கை அனுப்பும். அதன் பிறகு யாராவது கேட்டால் மட்டுமே மறுபடி வாய் திறக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்ட டிவியின் பெயர் பட்டியலில் நிரந்தரமாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு பதிவுக்கும் சுவிட்ச் ஒரு காலக்கெடு வைக்கிறது. கெடு முடிவதற்குள் புதிய அறிக்கை வராவிட்டால் பதிவை நீக்கிவிடும்.

இடைவெளி விட்டு 'யாருக்கு எந்தக் குழு வேண்டும்?' என்று பொதுவாகக் கேட்கும் வேலை குவெரியருடையது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியரைப் போல அது 125 நொடிக்கு ஒருமுறை எல்லாக் கருவிகளுக்கும் உரிய 224.0.0.1 என்ற முகவரிக்குக் கேள்வி அனுப்புகிறது. ஒவ்வொரு டிவியும் 10 நொடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் 'உள்ளேன்' என்று பதில் தருகிறது. சுவிட்ச் அந்தப் பதிலைக் கேட்டுக் கெடுவைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒரு கேள்வியோ பதிலோ வழியில் தொலைந்துபோனாலும் பிழைக்க வேண்டும் என்பதால், இரண்டு சுற்றும் ஒரு பதில் நேரமும் சேர்த்துக் கெடுவைக் கணக்கிடுகிறார்கள். இரண்டு முறை 125, அதோடு 10. ஆக 260 நொடி, அதாவது 4 நிமிடம் 20 நொடி. குவெரியர் இல்லாத நெட்வொர்க்கில் டிவி சேர்ந்தபோது சொன்ன ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு சுவிட்ச் 260 நொடி படத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறது. ஊழியர் சேனலை மாற்றியபோது டிவி மறுபடி அறிக்கை அனுப்பியது. அதனால்தான் இன்னொரு நாலு நிமிடத்துக்குப் படம் ஓடியது. சில தயாரிப்பாளர்கள் கேள்விக்கு இடையில் 60 நொடி என்று வைத்திருப்பார்கள். அங்கே படம் இன்னும் சீக்கிரம் நிற்கக்கூடும்.

இதற்குமுன் குவெரியர் ஏன் இல்லாமல் போனது? ஐஜிஎம்பியின் வடிவமைப்பில் கேள்வி கேட்பது மல்டிகாஸ்ட் ரவுட்டரின் வேலை. பல்கலைக்கழக வளாகம் போன்ற பெரிய நெட்வொர்க்கில் அப்படி ஒரு ரவுட்டர் இருக்கும், ஆகையால் யாரும் தனியாக யோசிக்க வேண்டியதில்லை. விடுதியிலோ ஹெட்எண்டும் டிவிகளும் ஒரே விலானில் இருக்கின்றன. வீடியோ எந்த ரவுட்டரையும் தாண்ட வேண்டியதில்லை. இணையத்துக்கான ரவுட்டர் மல்டிகாஸ்டைக் கண்டுகொள்வதே இல்லை. எல்லா சுவிட்சுகளும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கின்றன, கேள்வி கேட்பவர்தான் ஒருவரும் இல்லை. இந்த இடைவெளியை அடைக்கத்தான் பெரும்பாலான மேலாண்மை வசதியுள்ள சுவிட்சுகளில் 'ஸ்னூப்பிங் குவெரியர்' என்ற வசதி வைத்திருக்கிறார்கள். பலவற்றில் ஸ்னூப்பிங் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கும், குவெரியரோ அணைந்த நிலையில் இருக்கும். லினக்ஸில் இயங்கும் பிரிட்ஜும் இதே போலத்தான், ஸ்னூப்பிங் இயக்கத்திலும் குவெரியர் அணைப்பிலும் இருக்கும். பாதி வேலை மட்டும் தானாக நடக்கும் இந்த ஏற்பாடே இத்துறையில் மிக அதிகமான தொல்லைக்குக் காரணம்.

கெடு முடிந்த பிறகு என்ன ஆகும் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. யாரும் பதிந்துகொள்ளாத குழுவின் வீடியோவைச் சில சுவிட்சுகள் அடியோடு நிறுத்திவிடும். அங்கே படம் உறையும். வேறு சில 'யாருக்கென்று தெரியவில்லை, எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம்' என்று பழையபடி எல்லாப் போர்ட்டுகளிலும் கொட்டும். அங்கே நாலு நிமிடம் கழித்து நெட்வொர்க் முழுவதும் திணறும். இரண்டுக்கும் நோய் ஒன்றுதான். அறிகுறி மட்டும் எதிரெதிராகத் தெரிவதால் ஆளாளுக்கு வெவ்வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

குவெரியர் இல்லாவிட்டால் இன்னொரு குறையும் தலைகாட்டும். டிவி ஒரு சேனலை விட்டு வெளியேறும்போது 'விலகுகிறேன்' என்று சொல்லும். உடனே குவெரியர் அந்தக் குழுவைக் குறிப்பிட்டு, 'இன்னும் யாராவது இருக்கிறீர்களா?' என்று ஒரு நொடி இடைவெளியில் இரண்டு முறை கேட்கும். பதில் வராவிட்டால் சுவிட்ச் அந்த வழியை அடைத்துவிடும். ஏறக்குறைய இரண்டு நொடியில் பழைய சேனல் நின்றுவிடும். கேட்க ஆளில்லாத நெட்வொர்க்கில் பல சுவிட்சுகள் பழைய சேனலைக் கெடு முடியும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நாலு நிமிடத்துக்குள் பன்னிரண்டு சேனல்களைத் தாண்டிப் போனால் பன்னிரண்டும் அந்த ஒரே போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு. 100 மெகாபிட் போர்ட் நிரம்பிவிட்டது. பக்கத்து அறையில் ஒரே சேனலைப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் இராது.

'ஃபாஸ்ட் லீவ்' என்ற வசதியை இயக்கினால் விலகல் செய்தி வந்த கணமே சுவிட்ச் வழியை அடைத்துவிடும். ஒரு போர்ட்டுக்கு ஒரே டிவி என்றால் இது நல்லது. சூட் அறையில் சிறிய சுவிட்ச் வைத்து இரண்டு டிவிகளை இணைத்திருந்தால், ஒருவர் சேனல் மாற்றியதும் அதே சேனலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவரின் படமும் போய்விடும். அடுத்த பொதுக் கேள்வி வரும்வரை அது திரும்பாது.

இனிமேல் சொல்லப்போவது குவெரியரை எங்கே வைப்பது என்பது. பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் பெரிய தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. குவெரியரின் கேள்வி எந்தப் போர்ட் வழியாக வந்ததோ, அந்தப் போர்ட்டின் பக்கம்தான் ரவுட்டர் இருக்கிறது என்று ஒவ்வொரு சுவிட்சும் முடிவு செய்துகொள்கிறது. இரண்டு விளைவுகள் உண்டு. டிவிகளின் அறிக்கைகள் அந்தத் திசையில் மட்டும் அனுப்பப்படும். யாரும் கேட்டிராத வீடியோ உட்பட எல்லாக் குழுக்களின் வீடியோவும் அந்தத் திசைக்குப் போகும். ரவுட்டர் என்றால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பதே அதன் நியாயம். குவெரியரே இல்லையென்றால் இந்தத் திசையும் இருக்காது. மூன்றாம் மாடி டிவியின் அறிக்கை அந்த மாடியின் சுவிட்சைத் தாண்டிக் கீழே வராது. ஹெட்எண்ட் இருக்கும் சுவிட்சுக்கு மூன்றாம் மாடியில் ஒருவர் பார்க்க விரும்புகிறார் என்பதே தெரியாது. 'ஹெட்எண்டோடு ஒரே சுவிட்சில் இருக்கும் டிவிகளில் படம் வருகிறது, மற்ற மாடிகளில் வரவில்லை' என்ற புகாரின் பொருள் இதுதான்.

ஆகவே குவெரியர் ஹெட்எண்ட் இணைந்திருக்கும் மைய சுவிட்சில் இருக்க வேண்டும். அங்கே வைத்தால் மற்ற சுவிட்சுகளுக்கு அவரவர் மாடியில் கேட்கப்படும் சேனல்கள் மட்டுமே இறங்கும். மைய சுவிட்சின் முகவரி 10.20.0.10 என்று வைத்துக்கொள்வோம். பல மாதம் எல்லாம் சீராக ஓடுகிறது. பிறகு நான்காம் மாடியில் கூட்ட அரங்குக்கென்று புதிய சுவிட்ச் ஒன்றை வாங்கி வைக்கிறார்கள். அதன் முகவரி 10.20.0.4. அதிலும் யாரோ நல்லெண்ணத்தில் குவெரியரை இயக்கிவிடுகிறார்கள். ஐஜிஎம்பி இரண்டாம் பதிப்பின் விதிப்படி ஒன்றுக்கு மேற்பட்ட குவெரியர்கள் இருந்தால் சிறிய ஐபி முகவரி உள்ளதே வெல்லும். 4, 10ஐவிடச் சிறியது. மைய சுவிட்ச் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொள்கிறது. அந்தக் கணம் முதல் 'ரவுட்டர் பக்கம்' என்பது நான்காம் மாடி ஆகிவிடுகிறது. 40 சேனல்களின் 320 மெகாபிட்டும் அங்கே ஏறுகிறது.

மேலே போகும் இணைப்பு ஒரு கிகாபிட் என்பதால் 320 மெகாபிட்டை அது தாங்கிக்கொள்ளும், யாருக்கும் எதுவும் தெரியாது. அரங்கத்தின் பெரிய திரைகளுக்கென ஒரு கிகாபிட் வகை வீடியோ அனுப்பிகள் இரண்டை மைய அறையில் பொருத்தும் நாளில்தான் விஷயம் வெளிப்படும். அத்தகைய அனுப்பி ஒன்று 4கே படத்துக்கு 800 மெகாபிட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். திரை ஒன்றுகூட இயக்கப்படாத நிலையிலும் அந்த இரண்டு ஓட்டங்களும் குவெரியரின் திசை நோக்கி ஓடி, நான்காம் மாடி இணைப்பை அடைத்துவிடும். அந்த மாடியின் எல்லா அறைகளிலும் படம் உடையும். இயக்கியவர்கள் அனுப்பியின் மேல் பழி போடுவார்கள். பிழை அதற்கு முன்பே சுவிட்சின் முகவரியில் நுழைந்துவிட்டது.

இதைத் தவிர்க்க எளிய வழி, குவெரியர் முகவரியை விலானிலேயே சிறியதாகக் கொடுத்து, மற்ற சுவிட்சுகளில் அந்த வசதியை அணைத்து வைப்பது. சிஸ்கோ சுவிட்ச் ஒன்றில் இவ்வளவுதான்:

```
ip igmp snooping querier
ip igmp snooping querier address 10.20.0.2
show ip igmp snooping querier
show ip igmp snooping groups
```

மூன்றாவது வரி எந்த முகவரி குவெரியராக இருக்கிறது என்று காட்டும். நான்காவது எந்தக் குழு எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்ற பட்டியலைத் தரும். முகவரி எதுவும் கொடுக்காவிட்டால் சில கருவிகள் கேள்வியை 0.0.0.0 என்ற அனுப்புநர் முகவரியோடு அனுப்பும். அதை மதிக்காத சுவிட்சுகளும் டிவிகளும் உண்டு. முகவரியைக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

சுவிட்சுக்குள் நுழைய அனுமதி இல்லாதவரும் இதைக் கண்டுபிடிக்கலாம். அந்த விலானிலுள்ள எந்தப் போர்ட்டிலாவது மடிக்கணினியைச் செருகி, வயர்ஷார்க்கில் `igmp` என்று வடிகட்டி மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். பொதுக் கேள்வி எல்லாப் போர்ட்டுக்கும் வரும். ஒரு கேள்விகூட வராவிட்டால் குவெரியர் இல்லை. வந்தால் அதன் அனுப்புநர் முகவரியே குவெரியரின் முகவரி. எதிர்பாராத முகவரி தெரிந்தால் மேலே சொன்ன நான்காம் மாடிக் கதைதான்.

சேனல்களுக்கு எண் கொடுப்பதிலும் ஓர் அடிக்குழி உண்டு. உள் நெட்வொர்க்குக்கென ஒதுக்கப்பட்டது 239இல் தொடங்கும் வரிசை. அதன் முதல் முகவரியிலிருந்தே தொடங்குவோம் என்று 239.0.0.1 என்பதைச் சேனல் ஒன்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஐபி குழு முகவரி ஈதர்நெட் முகவரியாக மாறும்போது அதன் கடைசி 23 பிட்டுகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். அதனால் 32 குழுக்கள் ஒரே ஈதர்நெட் முகவரிக்குள் போய்ச் சேருகின்றன. 239.0.0.1க்குக் கிடைப்பது `01:00:5e:00:00:01`. குவெரியர் கேள்வி அனுப்பும் 224.0.0.1க்கும் கிடைப்பது அதே முகவரிதான். 224.0.0 வரிசை எல்லாப் போர்ட்டுக்கும் போயே ஆக வேண்டும் என்பது விதி. ஈதர்நெட் முகவரியை வைத்து முடிவெடுக்கும் சுவிட்ச் அந்தச் சேனலையும் எல்லோருக்கும் கொட்டும். ஸ்னூப்பிங், குவெரியர் எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு சேனல் மட்டும் வெள்ளமாக ஓடுகிறது என்றால் முதலில் இதைப் பார்க்க வேண்டும். 239.1.1.1 என்று தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

வீடுகளிலும் இந்த விவகாரம் உண்டு. ஜெர்மனியில் டெலிகாம் நிறுவனத்தின் ஐபி தொலைக்காட்சி ஐஜிஎம்பியின் மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்தி வந்திருக்கிறது. அதில் அறிக்கைகள் 224.0.0.22 என்ற வேறு முகவரிக்குப் போகும். இரண்டாம் பதிப்பை மட்டும் தெரிந்த மலிவான சுவிட்சை ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில் வைத்தால் அது அந்த அறிக்கையைப் புரிந்துகொள்ளாது. அதனால் வாங்கும்போதே மூன்றாம் பதிப்பு ஸ்னூப்பிங் இருக்கிறதா என்று பார்ப்பது அங்கே வாடிக்கையாளர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

விடுதி, மருத்துவமனை, கல்லூரி, கண்காணிப்புக் கேமரா அறை என்று எங்கே மல்டிகாஸ்ட் வீடியோ ஓடினாலும், வேலையை ஒப்படைக்க வருபவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எந்தச் சுவிட்ச் குவெரியர்? அதன் முகவரி என்ன? பதிலைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டிவியில் ஒரு சேனலைப் போட்டுவிட்டு, ரிமோட்டைத் தொடாமல் பத்து நிமிடம் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.